கரண்ட் பில்லில் ஒளிந்திருக்கும் காசு

வணக்கம். கோண்டாவில் வீடொன்றின் பில் இப்போது என் கையில். முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், வாசிப்புகளைப் பாருங்கள்.

முன்னைய வாசிப்பு 18412, இப்போதையது 18475. கழித்தால் 63 அலகு. மீற்றரில் இப்போது ஓடும் எண் 18475ஐவிடக் குறைவாக இருந்தால், பில்லில் பிழை. படலை பூட்டிக் கிடந்த மாதமென்றால் உத்தேசமாகவும் எழுதியிருப்பார்கள்.

இனி முக்கியமான இடம். 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகுக்குக் குறைந்த விலை. 60ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். முதல் அலகிலிருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் ஏறும். மூன்று அலகுதானே என்று நினைப்போம், அது மூன்று அலகின் காசு அல்ல.

ஆனால் நாட்களை எண்ணுங்கள். இந்தப் பில் 34 நாளுக்குரியது. எல்லைகள் 30 நாளுக்கானவை; 34 நாளென்றால் 60 என்பது 68 ஆக நீளும். அப்படியானால் 63 அலகு சலுகைக்குள்தான். நீட்டாமல் கணக்குப் போட்டிருந்தால் பில்லோடு போய்க் கேளுங்கள்.

அப்புறம், சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி. 2022 ஒக்டோபரில் வந்தது, பாவனை கூட அதுவும் கூடும். ஒளித்து வைத்ததல்ல, நாங்கள்தான் வாசிப்பதில்லை.

கடைசியாக நிலுவை. பில் அடித்தபிறகு கட்டிய காசு இதில் வராது. பற்றுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.