கூட்டாளி சேர்ப்பு: மாதிரி வினாவும் விடையும்

வினா

கமலா, விமலா இருவரும் 3:2 என்ற விகிதத்தில் இலாபம் பகிரும் கூட்டாளிகள். 31.3.2024 அன்று அவர்களது இருப்புநிலைக் குறிப்பு:

| பொறுப்புகள் | ரூ. | சொத்துகள் | ரூ. |
|---|---|---|---|
| கமலா முதல் | 3,00,000 | கட்டடம் | 2,50,000 |
| விமலா முதல் | 2,00,000 | இயந்திரம் | 1,50,000 |
| பொதுக்காப்பு | 50,000 | சரக்கிருப்பு | 80,000 |
| கடனீந்தோர் | 1,00,000 | கடனாளிகள் | 1,00,000 |
| | | வங்கி ரொக்கம் | 70,000 |
| | 6,50,000 | | 6,50,000 |

1.4.2024 அன்று நிர்மலா 1/5 பங்கிற்குச் சேர்க்கப்பட்டார். அதில் 3/20 பங்கைக் கமலாவிடமிருந்தும் 1/20 பங்கை விமலாவிடமிருந்தும் பெற்றார். முதலாக ரூ.1,50,000-உம் நற்பெயரில் தம் பங்கையும் வங்கியில் செலுத்தினார்.

நற்பெயரின் மதிப்பு, கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தைப் போல் இரு மடங்கு. 2021-22 இலாபம் ரூ.80,000, 2022-23 நட்டம் ரூ.20,000, 2023-24 இலாபம் ரூ.90,000.

கட்டடத்தின் மதிப்பை ரூ.40,000 உயர்த்துக. இயந்திரத்தின் மதிப்பை 10% குறைக்க. கடனாளிகள் மீது 5% வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்குக. புதிய விகிதம், முதல் கணக்குகளின் இறுதி இருப்பு, புதிய இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றைத் தருக.

விடை

நற்பெயரை முதலில் முடித்துவிடுங்கள். நட்டத்தைக் கழிக்க வேண்டும். அதை இலாபமாகக் கூட்டிவிட்டால் பின்வரும் விடைகள் பலவும் தவறிப்போகும்.

சராசரி: (80,000 − 20,000 + 90,000) ÷ 3 = ரூ.50,000
நற்பெயர்: 50,000 × 2 = ரூ.1,00,000
நிர்மலாவின் பங்கு: 1,00,000 × 1/5 = ரூ.20,000

புதிய பங்கு: கமலா 12/20 − 3/20 = 9/20; விமலா 8/20 − 1/20 = 7/20; நிர்மலா 4/20. புதிய விகிதம் 9:7:4. தியாக விகிதம் 3:1.

இந்த வினாவின் உயிரே இங்குதான் இருக்கிறது. பொதுக்காப்பும் மறுமதிப்பீட்டு இலாபமும் நிர்மலா வருவதற்கு முன் சேர்ந்தவை. ஆகவே பழைய விகிதமான 3:2-இல் பகிர வேண்டும். நற்பெயர்த் தொகையோ, விட்டுக்கொடுத்த பங்கிற்கு ஈடு. எனவே அதை 3:1-இல் பகிர வேண்டும். பங்கை யாரிடமிருந்து எவ்வளவு பெற்றார் என்று வினா சொல்லாமல் இருந்திருந்தால், தியாக விகிதமும் 3:2 ஆகவே இருந்திருக்கும். ஆகவே அந்த வரியை அடிக்கோடிட்டுக் கொண்டு தொடங்குவது நல்லது.

மறுமதிப்பீட்டு இலாபம்: 40,000 − 15,000 − 5,000 = ரூ.20,000

குறிப்பேட்டுப் பதிவு:

வங்கி க/கு ப 1,70,000
  நிர்மலா முதல் க/கு 1,50,000
  கமலா முதல் க/கு 15,000
  விமலா முதல் க/கு 5,000

| விவரம் | கமலா ரூ. | விமலா ரூ. |
|---|---|---|
| தொடக்க இருப்பு | 3,00,000 | 2,00,000 |
| பொதுக்காப்பு | 30,000 | 20,000 |
| மறுமதிப்பீட்டு இலாபம் | 12,000 | 8,000 |
| நற்பெயர் | 15,000 | 5,000 |
| இறுதி இருப்பு | 3,57,000 | 2,33,000 |

நிர்மலாவின் முதல் ரூ.1,50,000 மட்டுமே. அவர் செலுத்திய ரூ.20,000 பழைய கூட்டாளிகளுக்கு உரியது. அதை அவரது முதல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

1.4.2024 அன்றைய இருப்புநிலைக் குறிப்பு:

| பொறுப்புகள் | ரூ. | சொத்துகள் | ரூ. |
|---|---|---|---|
| கமலா முதல் | 3,57,000 | கட்டடம் | 2,90,000 |
| விமலா முதல் | 2,33,000 | இயந்திரம் | 1,35,000 |
| நிர்மலா முதல் | 1,50,000 | சரக்கிருப்பு | 80,000 |
| கடனீந்தோர் | 1,00,000 | கடனாளிகள் (ஒதுக்கு ரூ.5,000 நீங்கலாக) | 95,000 |
| | | வங்கி ரொக்கம் | 2,40,000 |
| | 8,40,000 | | 8,40,000 |