மாவுக்கட்டுக்குப் பின் கவனிக்காமல் விட்டது குறித்த புகார்

பெறுநர்: பதிவாளர், தமிழ்நாடு மருத்துவ மன்றம், அரும்பாக்கம், சென்னை 600 106.

ஐயா/அம்மா,

என் மகனுக்கு 11 வயது. அவனுக்குச் சிகிச்சை தந்த தனியார் மருத்துவமனை எலும்பு மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இணைத்துள்ள டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளன. நடந்ததை முதலிலும், அதைப் பற்றி நான் நினைப்பதைப் பிறகும் எழுதுகிறேன்.

நடந்தவை

18.01.2025 மாலை கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. 6.30 மணிக்கு மாவுக்கட்டு போட்டு, இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

9.30-க்கு மேல் வலியில் கத்த ஆரம்பித்தான். விரல்கள் வீங்கி, நகங்கள் வெளுத்திருந்தன. ஆள்காட்டி விரலை லேசாக நிமிர்த்தினாலே அலறினான். அதன் நுனியைக் கிள்ளினால் தெரியவில்லை என்றான். 10.40-க்கு என் போனில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். நர்ஸிடம் இரண்டு முறை சொன்னேன். 11.30-க்கு ஊசி போட்டார்கள். விடியும்வரை எந்த மருத்துவரும் வரவில்லை.

காலை 8.15-க்கு மருத்துவர் வந்து கட்டைப் பிரித்தார்; உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே, வீக்கத்தால் தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று எழுதி, அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்றுவரை மூன்று விரல்களை அவனால் முழுதாக நிமிர்த்த முடியவில்லை.

03.02.2025 அன்று கேஸ் ஷீட் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி 1.3.2-ன்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 25.02.2025 அன்றுதான் தந்தார்கள். அதில் அந்த இரவுக்கு இருப்பது, ஊசி போட்டதாக ஒரே வரி. விரல்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

நான் நேரில் கேட்காதது

நர்ஸ் மருத்துவருக்குப் போன் செய்ததாகவும், “கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும், ஊசி போடுங்கள்” என்று அவர் சொன்னதாகவும் நர்ஸ்தான் என்னிடம் சொன்னார். மருத்துவர் என்ன சொன்னார் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. அதனால் இதை மேலே சேர்க்கவில்லை.

என் கருத்து

நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். மருத்துவம் படித்தவன் இல்லை. எலும்பைச் சேர்த்துக் கட்டியதில் நான் குறை சொல்லவில்லை. அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார். அன்றிரவே கட்டைப் பிளந்து தளர்த்தியிருந்தால் கை தப்பியிருக்கும் என்று நம்புகிறேன். வீக்கம் வரும் என்று தெரிந்துதானே பிள்ளையை இரவு வைத்துக்கொண்டார்கள்? கேஸ் ஷீட்டில் ஒரே வரி இருப்பதால் யாரும் விரலைச் சோதிக்கவில்லை என்று நினைக்கிறேன். சோதித்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கவும் கூடும். நர்ஸை விசாரித்தால் தெரிந்துவிடும்.

வேண்டுவது

அசல் கேஸ் ஷீட்டையும் அன்றிரவுப் பணிப் பட்டியலையும் வரவழைத்து, மருத்துவரையும் நர்ஸையும் விசாரித்து, வேறொரு எலும்பு மருத்துவ நிபுணரின் கருத்தையும் பெற வேண்டுகிறேன். தவறு உறுதியானால் நெறிமுறைப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கூப்பிடும் நாளில் மகனோடு நேரில் வருகிறேன்.

இணைப்பு: இரு மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, கேஸ் ஷீட் நகல், நேரம் தெரியும் புகைப்படம், தபால் ஒப்புகைச் சீட்டு.

பட்டுக்கோட்டை
24.03.2025

இப்படிக்கு,
இரா. செல்வகுமார்
(சிறுவனின் தந்தை)