வழக்கறிஞர் அறிவிப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு

ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவஞ்சல்
ஈரோடு, 09.06.2025

பெறுநர்: திரு. கு. செல்வராசு, ஆயத்த ஆடை வியாபாரம், மதுரை.

ஐயா,

ஈரோட்டில் விசைத்தறித் துணி மொத்த வியாபாரம் செய்துவரும் எமது கட்சிக்காரர் திரு. ப. நாச்சிமுத்து அவர்கள் அளித்த தகவலின்பேரிலும் அவரது அறிவுறுத்தலின்படியும் தங்களுக்கு இந்த அறிவிப்பை அனுப்புகிறேன்.

18.11.2024 அன்று எமது கட்சிக்காரரிடம் தாங்கள் ரூ.6,25,000 மதிப்புள்ள துணியைக் கடனுக்குக் கொள்முதல் செய்து, அதில் ரூ.1,50,000 மட்டும் செலுத்தினீர்கள். மீதி ரூ.4,75,000-க்காக 10.03.2025 தேதியிட்ட, 004172 என்ற எண்ணுள்ள காசோலையைத் தாங்களே கையொப்பமிட்டுக் கொடுத்தீர்கள். அக்காசோலையை எமது கட்சிக்காரர் 20.05.2025 அன்று தமது வங்கியில் வசூலுக்குச் செலுத்தினார்; தங்கள் கணக்கில் போதிய பணமில்லை என்ற காரணம் குறிக்கப்பட்ட வங்கிக் குறிப்புடன் அது 21.05.2025 அன்று திரும்பி வந்தது.

ஆகவே, இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள், காசோலைத் தொகையான ரூ.4,75,000-ஐ (ரூபாய் நான்கு இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் மட்டும்) எமது கட்சிக்காரருக்குச் செலுத்துமாறு இதன்மூலம் கோருகிறேன். இந்த அறிவிப்பின் செலவாக ரூ.3,000 தனியே கோரப்படுகிறது.

மேற்படி கெடுவுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்தத் தவறினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் 138-ஆம் பிரிவின்கீழ் தங்கள்மீது குற்றவியல் வழக்குத் தொடரப்படும். அக்குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிலுவைத் தொகையை வசூலிக்க உரிமையியல் வழக்குத் தொடரும் உரிமையும் எமது கட்சிக்காரருக்கு உண்டு. அவ்வழக்குகளின் செலவுக்கும் விளைவுகளுக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள்.

(ஒப்பம்)
கட்சிக்காரருக்காக வழக்கறிஞர், ஈரோடு

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு

ஆங்கில மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிட்டு இதை மொழிபெயர்த்திருக்கிறேன். பெறுபவர் தவறாகப் புரிந்துகொள்ள இடமுள்ள மூன்று இடங்களை மட்டும் இங்கே குறிக்கிறேன். 15 நாள் கெடு அறிவிப்பின் தேதியான 09.06.2025-இலிருந்து தொடங்குவதில்லை, அஞ்சல் தங்கள் கைக்கு வந்த நாளைக் கொண்டே அது கணக்கிடப்படும் என்பதால், அந்த நாளை உறையிலேயே குறித்து வைப்பது நல்லது. மூலத்தில் ரூ.3,000 காசோலைத் தொகையுடன் கூட்டப்படவில்லை; ஆகவே ரூ.4,78,000 என்ற ஒரே தொகையாக நானும் எழுதவில்லை. தண்டனை பற்றிய வாக்கியத்தில் மூலம் 'விதிக்கப்படலாம்' என்ற பொருளையே தருகிறது. முதல் படியில் அதை 'விதிக்கப்படும்' என்று எழுதியிருந்தேன். தண்டனையை முடிவு செய்வது நீதிமன்றமே என்பதால், அச்சொல் மூலத்தில் இல்லாத மிரட்டலாகிவிடும் என்று கண்டு திருத்தினேன். ஐயம் எழுந்தால் இத்துடன் இணைக்கப்பட்டுள்ள ஆங்கில மூலமே முடிவானது.