செங்கோட்டை கிரிக்கெட் அகாடமி தேர்வு: திருத்திய அறிவிப்பு

முந்தைய அறிவிப்பில் வயது வரம்பு தெளிவாக இல்லை. இதையே கொள்ளவும்.

14 வயதுக்குட்பட்டோர்: 1.9.2012 அன்றோ பிறகோ பிறந்தவர்கள். 16 வயதுக்குட்பட்டோர்: 1.9.2010 முதல் 31.8.2012 வரை. ஒரு நாள் கூடினாலும் சேர்க்க இயலாது. பிறப்புச் சான்றிதழ் அசல் வேண்டும். ஆதார் மட்டும் போதாது, சிலருக்கு அதில் பிறந்த தேதி தவறாகப் பதிவாகியிருக்கும். ஆரியங்காவு, புனலூர் பிள்ளைகளின் மலையாளச் சான்றிதழும் ஏற்கப்படும். பெற்றோர் ஒருவர் உடன் வந்து ஒப்புதலில் கையெழுத்திட வேண்டும்.

கட்டணம் 200 ரூபாய், மைதானத்தில் ரசீதுடன். வேறு யாரிடமும் பணம் தர வேண்டாம்.

வெள்ளை உடை, பேட், கால் பேடு, கிளவுஸ், பாதுகாப்பு கார்டு, ஹெல்மெட் கொண்டுவரவும். லெதர் பந்து என்பதால் ஹெல்மெட், கார்டு இல்லாமல் பேட்டிங் இல்லை. இரவல் வாங்கினாலும் அளவு பொருந்தட்டும். நார்விரிப்பு பிட்ச்; இரும்பு ஸ்பைக்ஸ் அதைக் கிழித்துவிடும், ரப்பர் அடி ஷூ மட்டும்.

மே 16, 2026 சனி காலை 6.30: பதிவு, பிறகு வலைப்பயிற்சி. பேட்டருக்கு வேகம் 6, சுழல் 6 பந்து, பவுலருக்கு 12, எல்லோருக்கும் கேட்ச், த்ரோ. முதல் பந்தில் அவுட்டானாலும் மீதியும் கிடைக்கும். அன்று மாலையே பிரிவுக்கு 22 பேர் பட்டியல். ஞாயிறு 20 ஓவர் ஆட்டம், அதிலிருந்து 15 பேர். மழை பெய்தால் மே 23, 24.