வழக்கறிஞர் அறிவிப்புக்குப் பதில்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
நாள்: 26.05.2025

பெறுநர்: எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவர்கள்

பொருள்: 14.05.2025 தேதியிட்ட தங்கள் அறிவிப்பில் கோரிய ரூ. 65,720 பாக்கியை மறுத்தல்

ஐயா,

தங்கள் அறிவிப்பு 19.05.2025 அன்று கிடைத்தது. தங்கள் கட்சிக்காரருக்கு நான் எந்தத் தொகையும் தர வேண்டியதில்லை. இங்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டவை தவிர, அறிவிப்பில் உள்ள மற்ற அனைத்தையும் மறுக்கிறேன்.

என் உணவகத்தின் உறைபெட்டியை மாதம் ஒருமுறை வந்து பராமரிக்க, ஒரு வருகைக்கு ரூ. 2,500 என்று 2024 அக்டோபரில் எழுத்து மூலம் பேசிக்கொண்டோம் என்பது உண்மை. நவம்பரிலும் டிசம்பரிலும் ஆள் வந்தார். அதற்கான ரூ. 5,000-ஐ 06.01.2025 அன்று வங்கி வழியாகச் செலுத்திவிட்டேன். அதன்பின் யாரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "நாளை வருவார்" என்ற பதில்தான் வந்தது. ஆனால் விலைப்பட்டியலில் ஆறு வருகைகள், வருகைக்கு ரூ. 3,500 வீதம் ரூ. 21,000 என்று இருக்கிறது. நான் செலுத்திய ரூ. 5,000 அதில் கழிக்கப்படவில்லை. ஆறு முறையும் வந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், ஒப்பந்த விலைப்படி மீதி ரூ. 10,000-க்கு மேல் வராது.

கம்ப்ரசர் மாற்றியதாக ரூ. 41,000 போட்டிருப்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை. 11.02.2025 அன்று மாற்றியதாகப் பணிச்சீட்டு சொல்கிறது. அன்று கடை திறக்கவே இல்லை. பூட்டிய சாவி என்னிடம்தான் இருந்தது. நான் எப்போதும் முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்திடுபவன். அந்தச் சீட்டில் இருப்பதோ ஒற்றை வளைவுக் கிறுக்கல். இதை எல்லாம்விட, பெட்டி வாங்கியபோது உத்தரவாத அட்டையில் குறித்த கம்ப்ரசர் எண்தான் இன்றும் அந்த இரும்பு உருளையில், துருவுக்கு நடுவே படிக்கும்படி இருக்கிறது. படமும் அட்டை நகலும் இத்துடன் உள்ளன. மார்ச்சில் பெட்டி நின்றபோது வேறொரு மெக்கானிக் ரிலேயை மட்டும் மாற்றி ரூ. 850 வாங்கினார், அந்த ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

வட்டியாகக் கேட்கும் ரூ. 3,720-க்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, பணிச்சீட்டுகளின் அசலை நான் பார்வையிட வகைசெய்து, புதிய கம்ப்ரசர் வாங்கிய பில்லின் நகலை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அனுப்பச் சொல்லுங்கள். தாங்களோ தங்கள் கட்சிக்காரரோ முன்கூட்டித் தெரிவித்துவிட்டு நேரில் வந்து பெட்டியைப் பார்க்கலாம்; காலை 10 மணிக்கு முன் வந்தால் நல்லது, அதன்பின் சமையலறையில் நிற்க இடம் இருக்காது. ஆதாரம் இல்லையெனில் அறிவிப்பை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். மீறி வழக்குத் தொடுத்தால் எதிர்வழக்காடுவேன். அதன் செலவுக்கும் விளைவுக்கும் தங்கள் கட்சிக்காரரே பொறுப்பு. சட்டப்படி எனக்குள்ள உரிமைகள் எதையும் இக்கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)
உணவக உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், வங்கிக் கணக்கு விவரம், உத்தரவாத அட்டை நகல், கம்ப்ரசர் எண்ணின் படம், ரிலே ரசீது