அமெரிக்காவிலிருந்து வந்த கிரனோலாப் பெட்டி: ஒரு பங்குக்கு எவ்வளவு

மாமி,

மச்சாள் நியூ ஜேர்சியிலிருந்து கொண்டுவந்த கிரனோலாப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதிலுள்ளதைக் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். மாமாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் முக்கியமாகப் பார்க்கவேண்டியவை சோடியம், மொத்த மாச்சத்து, சேர்த்த சீனி என்ற மூன்று வரிகள். கிளினிக்குக்குப் போகும்போது போனில் இதையே காட்டலாம்.

பெட்டியின் நிறை 340 கிராம். ஒரு பங்கு என்று அவர்கள் சொல்வது மூன்றில் இரண்டு கப், அதாவது 55 கிராம். பெட்டியில் ஏறத்தாழ 6 பங்கு. பால் சேர்க்காத கணக்கு இது.

| சத்து | ஒரு பங்கில் (55 கிராம்) | நாளாந்தப் பெறுமான வீதம் |
|---|---|---|
| சக்தி | 260 கிலோகலோரி | இல்லை |
| மொத்தக் கொழுப்பு | 10 கிராம் | 13% |
| – நிரம்பிய கொழுப்பு | 3 கிராம் | 15% |
| – ட்ரான்ஸ் கொழுப்பு | 0 கிராம் | இல்லை |
| கொலஸ்ட்ரோல் | 0 மி.கிராம் | 0% |
| சோடியம் | 190 மி.கிராம் | 8% |
| மொத்த மாச்சத்து | 36 கிராம் | 13% |
| – நார்ப்பொருள் | 4 கிராம் | 14% |
| – மொத்தச் சீனி | 13 கிராம் | இல்லை |
| – அதில் சேர்த்த சீனி | 12 கிராம் | 24% |
| புரதம் | 6 கிராம் | போடவில்லை |
| விற்றமின் டி | 0 மைக்ரோகிராம் | 0% |
| கல்சியம் | 40 மி.கிராம் | 4% |
| இரும்பு | 1.8 மி.கிராம் | 10% |
| பொட்டாசியம் | 230 மி.கிராம் | 4% |

கோடு போட்டுத் தொடங்கும் வரிகள் மேலுள்ள வரிக்குள் அடங்கியவை. 36 கிராம் மாச்சத்துக்குள்தான் நார்ப்பொருளும் சீனியும் இருக்கின்றன. அதேபோல 13 கிராம் சீனிக்குள்தான் அந்த 12 கிராமும். இரண்டையும் கூட்டி 25 என்று எடுத்துவிடாதீர்கள், பெட்டியில் அச்சடித்திருக்கிற விதம் அப்படித்தான் எண்ணவைக்கும். மீதி ஒரு கிராம் ஓட்ஸ், பருப்பு வகைகளில் இயல்பாக இருப்பது.

படத்தில் இரண்டு இடம் தெளிவில்லை. குசினி லைட் பட்டு, சோடியம் வரியில் 1, 9 என்ற இரண்டு இலக்கங்களுக்குப் பிறகு வெள்ளையாகிவிட்டது. ஆனால் வலப்பக்கம் 8% நன்றாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு 2300 மி.கிராம் என்பதுதான் அவர்களுடைய அளவு. அதில் 8% என்றால் 184 அளவில் வரும். அமெரிக்க விதிப்படி 140 மி.கிராமுக்கு மேல் சோடியத்தைப் பத்துப் பத்தாகத்தான் போடுவார்கள். ஆக 190 தவிர வேறெதுவும் அந்த இடத்தில் பொருந்தாது.

மற்றது மொத்தக் கொழுப்பு. மடிப்பு விழுந்த இடம், 10 என்றும் 16 என்றும் வாசிக்கலாம். பக்கத்தில் 13% இருக்கிறது. நாளாந்த அளவு 78 கிராம். 10 கிராம் என்றால் 13% சரியாக வருகிறது, 16 என்றால் 21% வரவேண்டும். கலோரியை வைத்தும் பார்த்துவிட்டேன்: கொழுப்பு ஒரு கிராமுக்கு 9, மாச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 என்று எடுத்தால் 90 + 144 + 24 = 258. பெட்டியில் 260 என்றிருக்கிறது. சரி, 10 தான்.

இனி அந்த வீதம். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் அளவில் இந்த ஒரு பங்கு எத்தனை வீதம் என்பதே அது. பெட்டிக்குள் 24% சீனி இருக்கிறது என்ற அர்த்தம் இல்லை. சேர்த்த சீனிக்கு நாளாந்த அளவு 50 கிராம், அதில் 12 கிராம் என்பது 24%. பொதுவாக 5 வீதமும் அதற்குக் குறைவும் என்றால் கொஞ்சம், 20 வீதமும் அதற்கு மேலும் என்றால் அதிகம் என்று பார்க்கச் சொல்கிறார்கள். நார்ப்பொருளுக்கு வீதம் கூடினால் நல்லது, சீனிக்கும் சோடியத்துக்கும் குறைந்தால் நல்லது. இதில் 20-ஐத் தாண்டியிருப்பது சேர்த்த சீனி மட்டும்தான்.

மொத்தச் சீனிக்கும் ட்ரான்ஸ் கொழுப்புக்கும் நாளாந்த அளவு என்று ஒன்று வைக்கவில்லை. அதனால் அந்தக் கட்டங்களில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறேன். ட்ரான்ஸ் கொழுப்பில் 0 என்றால் ஒரு பங்கில் அரைக் கிராமுக்குக் குறைவு என்று மட்டும் எடுங்கள். கல்சியத்தைக் கணக்குப் பார்த்தால் (1300-இல் 40) 3% தான் வரும், பெட்டியில் 4% என்றிருக்கிறது. பிழை இல்லை, விற்றமின், கனிமங்களுக்குப் பத்து வீதம் வரை இரண்டிரண்டாகக் கிட்டிய எண்ணுக்கு மாற்றிப் போடுவது வழக்கம்.

ஆனால் 2000 கலோரியும் 50 கிராம் சீனியும் மாமாவுக்காக எழுதினவை இல்லை. உலக சுகாதார அமைப்பு சோடியத்துக்கு 2000 மி.கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, அதாவது உப்பாக 5 கிராம். சீனியையும் முடிந்தால் 25 கிராம் அளவுக்குக் குறைக்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த 12 கிராம் கிட்டத்தட்ட பாதி. மூன்று தேக்கரண்டி சீனி, மாமி. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் குடிக்கிற மனிசனுக்கு இது காலையிலேயே உள்ளே போகிறது.

அதுவும் 55 கிராம் சாப்பிட்டால். தராசில் வைத்து நீங்கள் அனுப்பிய கிண்ணத்தில் 82 கிராம் இருந்தது, கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு. மாமா உண்மையில் சாப்பிடுவது ஏறத்தாழ 390 கிலோகலோரி, மாச்சத்து 54 கிராம், சேர்த்த சீனி 18 கிராம் (36%), சோடியம் 280 மி.கிராம் (12%). டொக்டரிடம் சொல்லவேண்டியது இந்த எண்களைத்தான், அட்டவணையில் உள்ளதை அல்ல. மேலே பாலோ தயிரோ விட்டால் அதன் மாச்சத்தையும் தனியாகக் கூட்டுங்கள். வாழைப்பழம் வெட்டிப் போட்டால் அதுவும்.

வெள்ளவத்தைக் கடைகளில் வாங்கும் பெட்டிகளில் சீனி, உப்பு, கொழுப்புக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் இருக்குமே, அது 100 கிராமுக்கான கணக்கு. இந்தப் பெட்டியில் அந்த வட்டம் இல்லை. ஒப்பிட்டு வாங்குவதென்றால் இதையும் 100 கிராமுக்கு மாற்றித்தான் பார்க்கவேண்டும்: மொத்தச் சீனி 23.6 கிராம், கொழுப்பு 18 கிராம், சோடியம் 345 மி.கிராம். உப்பாக மாற்ற சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள், 0.86 கிராம் வரும். அமெரிக்கப் பெட்டியின் 13-ஐயும் இங்கத்தையப் பெட்டி ஒன்றில் 100 கிராமுக்கு என்று போட்ட 20-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமெரிக்கப் பெட்டியில் சீனி குறைவு போலத் தோன்றும். உண்மையில் அதில்தான் சீனி அதிகம்.

சேர்பொருட்கள் பட்டியலின் கீழ்ப்பாதி படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. தேன், பழுப்புச் சீனி வரை தெரிகிறது, அதற்குப் பிறகு இல்லை. பெட்டியை எறியமுதல் அந்தப் பக்கத்தை மேசையில் தட்டையாக வைத்து, லைட்டை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பருப்பு ஒவ்வாமை பற்றிய வரியும் அங்கேதான் இருக்கும், பேரன் வரும்போது தேவைப்படும்.