உறைந்த தேனுக்கு ஒரு லேபிள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு, சிறு உற்பத்தியாளர்களின் பாட்டில்களுக்கும் பொட்டலங்களுக்கும் உரிய லேபிளை வடிவமைத்து, அதில் வரும் வாசகங்களையும் எழுதித் தருவது என் தொழில். செய்த வேலைகளுள் ஒன்றை மட்டும் இங்கே காட்டுகிறேன்.

குலசேகரத்துக்கு அருகே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, அறுபது பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்க்கும் ஒரு குடும்பம் சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. அவர்களுடைய தேனில் குறை எதுவும் இல்லை. ஆனால் தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் வைத்த பாட்டில்கள் சில வாரங்களில் அடியிலிருந்து வெண்மையாக உறையத் தொடங்க, வாங்கியவர்கள் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் படமும் பளபளப்பான தாளும் போட்ட லேபிள் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். படத்தை மாற்றினால் அந்தச் சந்தேகம் தீராது என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கிறது. நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி, பூவிலிருந்து அல்லாமல் அந்த இலைக்காம்பிலிருந்தே வருகிறது. அந்தத் தேனில் குளுக்கோஸ் மிகுதி என்பதால் அது விரைவில் உறைகிறது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்ட போதிலும், அதை வாங்குபவருக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. எனவே சொல்ல வேண்டியது பாட்டிலின் பொறுப்பு ஆயிற்று.

முதல் வரைவில் நான் தோற்றேன். 'குளுக்கோஸ் படிகமாதல் இயற்கையான நிகழ்வு' என்று எழுதிக் கொண்டுபோனதைப் படித்த அந்த வீட்டுப் பெரியம்மா, "மக்கா, மார்கழியில தேங்காண்ண ஒறையாதா? அத மாதிரின்னு எழுதினாப் போதாதா?" என்று கேட்டார். இரண்டு நாள் உழைத்தும் எனக்குக் கிட்டாத வாசகத்தை அவர் ஒரே மூச்சில் தந்துவிட்டார். எண்ணெய் உறைவது குளிரால், தேன் உறைவது அதன் சேர்மானத்தால். வேதியியல் படித்தவர்கள் இந்த ஒப்புமையை ஏற்க மாட்டார்கள் என்று அறிந்தே அதை வைத்துக்கொண்டேன். உறைந்த தேங்காய் எண்ணெயைப் பார்த்துக் கலப்படம் என்று சொல்பவர் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லை தாண்டி வரும் கேரளத்து வாடிக்கையாளருக்கும் அது அப்படியே புரியும் என்பதால், அதே வாசகத்தை மலையாளத்திலும் அச்சிட்டோம்.

லேபிளின் முன்பக்கத்தில் இப்போது பொன்னிறமும் இல்லை, பறக்கும் தேனீயும் இல்லை. 'ரப்பர் தேன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல இதுவும் உறையும்' என்ற வரி, பெயருக்கு நேர் கீழே பெரிய எழுத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் இளகிய பாட்டில், பாதி உறைந்த பாட்டில், முழுதும் உறைந்த பாட்டில் என மூன்று கோட்டோவியங்களும், அவற்றின் அடியில், கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் பாட்டிலை வைத்தால் தேன் மீண்டும் இளகும், அடுப்பில் நேராகச் சூடாக்க வேண்டாம் என்ற குறிப்பும் இருக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்தேன். சேனை வைக்கும் வழக்கம் உள்ள ஊரில் அது விற்பனையைக் கெடுக்கும் என்று அவர்கள் தயங்கினார்கள், நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டே நிறங்களில் அச்சிட்டதால் ஒரு லேபிளுக்கு ஆகும் செலவு பழைய அளவைத் தாண்டவில்லை.

பழைய லேபிளோடு விற்ற பருவத்தில், 1,100 அரைக் கிலோ பாட்டில்களில் 64 திரும்பி வந்திருந்தன. புதிய லேபிளோடு விற்ற அடுத்த பருவத்தில் 1,180 பாட்டில்களில் திரும்பியவை 7. அவற்றிலும் 3 பாட்டில்கள் மூடி கசிந்ததால் வந்தவை. கடைக்காரர்களிடம் அவர்களே நேரில் போய் விளக்கியதற்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

தேனோ, கருப்பட்டியோ, நேந்திரங்காய் வற்றலோ, மிளகோ, கிராம்போ, நீங்கள் விற்கும் பொருளைப் பற்றி வாங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்குமானால், அந்தக் கேள்வியையும் இப்போதைய லேபிளின் படத்தையும் இதன் கீழே உள்ள செய்திப் பொத்தான் வழியே எனக்கு அனுப்பி வையுங்கள். முதல் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது, மாவட்டத்துக்குள் எந்த ஊராக இருந்தாலும் நானே நேரில் வந்து பொருளைப் பார்க்கிறேன்.